ஒரே குடுவை, மூன்று தட்டுகள்: பென்சோஃபீனோன் வினைக்கு எந்தக் கரைப்பானை நம்புவது?

மே மாத மதியம் ஒன்றில், திருவொற்றியூரில் நான் வேலை பார்க்கும் சிறிய ஆய்வகத்தில், பயிற்சிக்கு வந்திருந்த பழைய வண்ணாரப்பேட்டைப் பெண் மூன்று டி.எல்.சி. தட்டுகளைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தாள். மூன்றும் ஒரே குடுவையிலிருந்து, ஒரே நிமிடத்தில் எடுத்த மாதிரி. கரைப்பான் மட்டும்தான் வேறு வேறு.

"அக்கா, இது முடிஞ்சிடுச்சுன்னு சொல்லுது. இது முடியலன்னு சொல்லுது. மூணாவது என்ன சொல்லுதுன்னே தெரியல. எதை நம்புறது?"

கேள்வி நியாயமானது. மென்படல வண்ணப்பிரிகையை, அதாவது டி.எல்.சி.யை, செய்முறை வகுப்பில் எல்லோரும் ஒருமுறை செய்துவிடுகிறோம். ஆனால் அங்கே கரைப்பானை ஆசிரியரே கலந்து கொடுத்துவிடுவார். வினை நடக்கிறதா, முடிந்ததா என்று நாமே தீர்மானிக்கவேண்டி வரும்போதுதான் எந்தக் கரைப்பான் என்பது பெரிய விஷயமாகிறது. அன்று அவளோடு உட்கார்ந்து பேசியதை வைத்தே அந்த மூன்று கரைப்பான்களையும் இங்கே ஒப்பிடுகிறேன்.

முதலில் வினை. பென்சோஃபீனோனைச் சோடியம் போரோஹைட்ரைடால் ஒடுக்கி பென்சைட்ரால் செய்கிறோம். கீட்டோன் ஆல்கஹாலாகிறது, அவ்வளவுதான். 1.82 கிராம் பென்சோஃபீனோன், அதாவது 10 மில்லிமோல். அதை 20 மில்லி மெத்தனாலில் கரைத்து, பனிக்கட்டித் தொட்டியில் வைத்து, 0.19 கிராம் போரோஹைட்ரைடைச் சிறிது சிறிதாகப் போடவேண்டும். ஒரு போரோஹைட்ரைடு நான்கு ஹைட்ரைடுகளைக் கொடுக்கும் என்பதால், கணக்குப்படி இதில் பாதியே போதும். மீதிப் பாதி மெத்தனாலுக்கு. போரோஹைட்ரைடு மெத்தனாலோடும் வினைபுரிந்து ஹைட்ரஜன் வாயுவாகப் போய்க்கொண்டே இருக்கும். அறை சூடாக இருந்தால் இன்னும் வேகமாகப் போகும். இதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

அவள் கலந்திருந்த கரைப்பான்கள் இவை. ஒன்று, ஹெக்ஸேனும் எத்தில் அசிடேட்டும் 4:1. இரண்டு, அதே இரண்டும் 9:1. மூன்று, தனி டைகுளோரோமீத்தேன். ஆய்வகப் பேச்சில் இதை டி.சி.எம். என்போம். தட்டு வழக்கமானதுதான்: அலுமினியத் தகட்டில் சிலிக்கா ஜெல், 254 நானோமீட்டர் விளக்கில் பச்சையாக ஒளிரும் வகை. கத்தரிக்கோலால் வெட்டி, கீழிருந்து 1 சென்டிமீட்டரில் பென்சில் கோடு போட்டு, இடப்பக்கம் மூலப்பொருள், வலப்பக்கம் வினைக்கலவை, நடுவில் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்திருந்தாள். அந்த நடுப்புள்ளியைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வினைக்கலவையில் தெரியும் புள்ளி மூலப்பொருள்தானா, இல்லை அதே உயரத்துக்கு வந்த வேறொன்றா என்று காட்டிக்கொடுப்பது அதுதான். இரண்டும் ஒன்றானால் நடுவில் ஒரே வட்டம் வரும். வேறு வேறானால் நீளமாகவோ இரண்டாகவோ பிரியும்.

முடிந்துவிட்டது என்று சொன்னது 4:1 தட்டு. ஆர்.எஃப். என்பது கரைப்பான் ஏறிய தூரத்தில் புள்ளி ஏறிய பங்கு. பொதுவாக இந்தக் கலவையில் பென்சோஃபீனோன் ஆர்.எஃப். 0.7 பக்கமும், பென்சைட்ரால் 0.4 பக்கமும் நிற்கும். பார்க்க அழகாக இருக்கும், இடைவெளியும் தாராளம். அதனால்தான் பலரும் கையை முதலில் 4:1 பக்கம் கொண்டுபோகிறார்கள். ஆனால் அன்று அவள் தட்டில் எல்லாமே மேலே ஏறியிருந்தது. மூலப்பொருள் கரைப்பான் முனைக்குப் பக்கத்தில், முனையோடு சேர்ந்து வரும் அழுக்குப் பட்டையில் கலந்துபோயிருந்தது. தட்டிலிருக்கும் பசை, கையின் எண்ணெய், கரைப்பானில் மிச்சமிருக்கும் கசடு என்று எல்லாவற்றையும் கரைப்பான் மேலே தள்ளிக்கொண்டு போகும். அந்தப் பட்டையும் விளக்கடியில் இருட்டாகத் தெரியும். அவள் அதை வெறும் அழுக்கு என்று விட்டுவிட்டாள்.

ஏன் ஏறியது? தட்டுப் பெட்டி திறந்தே கிடந்தது. எங்கள் ஜன்னலிலிருந்து கடல் அதிக தூரமில்லை. சிலிக்கா காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். பொருள்களைப் பிடித்துவைக்கவேண்டிய இடங்களில் தண்ணீர் உட்கார்ந்துவிட்டால் தட்டின் பிடி தளர்ந்து, எல்லாப் புள்ளிகளும் உயரும். தட்டை 110 டிகிரி அடுப்பில் அரை மணி நேரம் வைத்து, உலர்த்திக் கலத்தில் ஆறவிட்டு எடுத்தால் பிடி திரும்பி வரும். எண்ணூர், காசிமேடு, ராயபுரம் என்று கடலோரமாக வேலை செய்கிற எவருக்கும் இது விருப்பமல்ல, தேவை. காய்ந்த ஊரில் இருக்கும் ஒருவர் எழுதிவைத்த ஆர்.எஃப். எண்ணை இங்கே அப்படியே எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

9:1 தட்டு வேறு கதை சொன்னது. அதில் பென்சோஃபீனோன் 0.55 பக்கம், உருண்டையாக, கறுப்பாக, தனியாக நின்றது. பென்சைட்ரால் 0.2 பக்கம். அதே ஈரத் தட்டுதான், ஆனாலும் தவறாகப் படிக்க வழியில்லாத இடத்தில் மூலப்பொருள் இருந்தது. மூலப்பொருள் மிச்சம் இருக்கிறது, வினை முடியவில்லை.

இங்கேதான் என் முதல் கருத்து. வினையைப் பின்தொடர்வதற்கான கரைப்பானைத் தேர்ந்தெடுக்கும்போது, இரண்டு புள்ளிகளுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று மட்டும் பார்க்கிறோம். ஆனால் நாம் கேட்கும் கேள்வி "மூலப்பொருள் தீர்ந்ததா?" என்பது. அப்படியானால் மூலப்பொருள் எந்த உயரத்தில் நிற்கிறது என்பதுதான் முதலில் பார்க்கவேண்டியது. தட்டின் நடுவில், சுற்றிலும் வேறெதுவும் இல்லாத இடத்தில் அது நிற்கவேண்டும். மேலே போகப் போகப் புள்ளி பரவி மங்கும், அழுக்கோடு சேரும். கோட்டுக்கு அருகே நின்றால் இழுவையில் மறையும். 4:1, 9:1 இரண்டிலும் புள்ளிகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளி கிட்டத்தட்ட ஒன்றுதான்: ஒன்றில் 0.3, மற்றொன்றில் 0.35. ஆனால் மூலப்பொருளின் இடம் வேறு.

சிலிக்கா நிறைத்த குழாயில் பொருள்களைப் பிரிக்க நிரல் ஓட்டவேண்டி வந்தாலும் 9:1தான் கைகொடுக்கும். பொருள் வெளியே வர எத்தனை நிரல் கொள்ளளவு கரைப்பான் தேவை என்பது தோராயமாக ஆர்.எஃப்.பின் தலைகீழ். 4:1ல் பென்சோஃபீனோன் 1.4 கொள்ளளவிலும் பென்சைட்ரால் 2.5லும் வரும். நடுவே இருப்பது ஒரு கொள்ளளவுதான். 9:1ல் ஒன்று 1.8லும் மற்றொன்று 5லும் வரும், இடைவெளி மூன்றுக்கும் மேல். தட்டில் பார்த்தால் ஒரே மாதிரி இருக்கும் இடைவெளி, நிரலில் மூன்று மடங்காகிறது. தட்டை வைத்துக்கொண்டே இதைக் கணக்குப் போட்டுக் காட்டியபோது அவள் கண் விரிந்தது. எனக்கும் முதன்முதலில் அப்படித்தான் இருந்தது.

9:1க்கும் குறை உண்டு. பென்சைட்ரால் கீழே, கோட்டுக்குக் கிட்டத்தில் இருப்பதால், வினைக்கலவையை அப்படியே தொட்டு வைத்தால் விளைபொருளே தெரியாமல் போகலாம். அவள் தட்டுகள் மூன்றிலும் கோட்டிலிருந்து ஒரு வால் நீண்டிருந்தது. குடுவையில் இருப்பது வெறும் பென்சைட்ரால் அல்ல. அதில் ஒரு பகுதி போரானோடு பிணைந்து கிடக்கிறது, கூடவே போரேட் உப்புகளும் மெத்தனாலும். மெத்தனால் காயாமல் இருந்தால் அதுவே அந்த இடத்தில் வலிமையான கரைப்பானாக நின்று புள்ளியை வளையமாக்கும்.

இதற்கு ஒரு சின்ன வேலை போதும். குடுவையிலிருந்து மூன்று சொட்டை ஒரு சிறு குப்பியில் எடுத்து, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் அரை மில்லி விட்டு, வாயு அடங்கியதும் அரை மில்லி எத்தில் அசிடேட் சேர்த்துக் குலுக்கி, மேலடுக்கை மட்டும் தொட்டு வைக்கவேண்டும். ஒரு நிமிட வேலை. உப்பு கீழே போய்விடும், போரான் பிடி விட்டுவிடும், வால் மறையும். கலவை கெட்டது என்று பழி போடும் பாதித் தட்டுகள் உண்மையில் இந்த ஒரு நிமிடத்தைச் செய்யாததால் வந்தவை. வினைக்கலவையைச் சுத்தம் செய்யாமல் எந்தக் கரைப்பானையும் குறை சொல்லக்கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

அப்புறம் டி.சி.எம். இதற்காக ஒரு நல்ல வார்த்தை சொல்லவேண்டும். ஒரே திரவம், விகிதம் என்ற பேச்சே இல்லை, யார் கலந்தாலும் ஒன்றுதான். அதைவிட முக்கியம், அது பொருள்களைப் பிரிக்கும் விதமே வேறு. எத்தில் அசிடேட்டில் ஆக்சிஜன் உண்டு. ஆல்கஹாலின் ஹைட்ரஜனைப் பிடித்து அதைச் சிலிக்காவிலிருந்து மேலே தூக்கிவிடும். டி.சி.எம்.மால் அந்த வேலை அவ்வளவாக முடியாது. அதனால் கீட்டோன் நன்றாக ஏற, ஆல்கஹால் பின்தங்கும். ஹெக்ஸேன் கலவை ஒன்றில் இரண்டு பொருள்கள் ஒட்டிக்கொண்டு வந்தால், விகிதத்தை மாற்றிக்கொண்டே இருப்பதைவிட டி.சி.எம்.முக்குத் தாவுவது நல்லது. விகிதம் மாறினால் பெரும்பாலும் எல்லாப் புள்ளிகளும் சேர்ந்து ஏறும் அல்லது இறங்கும். கரைப்பானின் குணமே மாறினால்தான் அவற்றின் வரிசையும் இடைவெளியும் மாறும்.

ஆனால் டி.சி.எம். கொதிப்பது 39.6 டிகிரியில். வட சென்னையில் மே மாதம் குளிர்சாதனம் இல்லாத அறையில் அந்த வெப்பம் அடிக்கடி வரும். கரைப்பான் இருக்கும் தொட்டியின் மூடியைத் திறந்து தட்டை வைப்பதற்குள் ஆவி வெளியே போய்விடுகிறது. தொட்டிக்குள் ஆவி நிறையவில்லை என்றால் தட்டில் ஏறும் திரவம் ஏறும்போதே காயும், ஓரங்களில் அதிகமாகக் காயும், முனை வளைந்து போகும். அவளுடைய மூன்றாவது தட்டில் முனை ஒரு பக்கம் சரிந்திருந்தது. இடப்பக்கப் பென்சோஃபீனோனும் வலப்பக்கத்துப் புள்ளியும் வேறு வேறு உயரம். அதனால்தான் அது என்ன சொல்கிறது என்று புரியவில்லை. வடிதாளை வெட்டித் தொட்டியின் உட்சுவரில் நிறுத்தி, கரைப்பானில் நனைத்து, மூடி, பத்து நிமிடம் விட்டால் பெரிதும் சரியாகும். காலையில் அறை குளிர்ந்திருக்கும்போது ஓட்டினால் இன்னும் நல்லது. குப்பியின் லேபிளையும் பாருங்கள். சில டி.சி.எம்.மில் நிலைப்படுத்தியாக ஆல்கஹால் சிறிதளவு இருக்கும், சிலவற்றில் அமைலீன். ஆல்கஹால் உள்ள குப்பியில் புள்ளிகள் உயரமாக வரும். குப்பி மாறியதும் ஆர்.எஃப். மாறினால் காரணம் அங்கே இருக்கலாம்.

ஆரோக்கியம் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. டி.சி.எம். நைட்ரைல் கையுறையைச் சில நிமிடங்களில் ஊடுருவிவிடும். கையில் பட்டால் கையுறையை உடனே கழற்றி மாற்றவேண்டும். கழிவைத் தனிப் புட்டியில் சேர்க்கவேண்டும், ஹெக்ஸேன் கழிவோடு கலக்கக்கூடாது. ஹெக்ஸேனும் பாதுகாப்பானது அல்ல, நீண்ட நாள் சுவாசித்தால் நரம்பைப் பாதிக்கும். 60–80 பெட்ரோலியம் ஈதரிலும் அது இருக்கிறது. ஹெப்டேன் கிடைத்தால் நான் அதைத்தான் வாங்கச் சொல்வேன். இந்த வேலைக்கு ஹெக்ஸேனின் இடத்தில் அது நன்றாகவே பொருந்தும். எதுவானாலும் புகைக்கூண்டுக்குள்தான் ஓட்டவேண்டும்.

நாலாவதாக டொலுயீனை அவள் கேட்டாள். அது 110 டிகிரியில் கொதிப்பதால் வெயிலில் தொட்டி நிலையாக இருக்கும், உண்மைதான். ஆனால் டொலுயீனே 254 நானோமீட்டர் ஒளியை உறிஞ்சும். தட்டு நன்றாகக் காயாவிட்டால் முழுத்தட்டும் மங்கலாகத் தெரியும், புள்ளி புதைந்துபோகும். ஒவ்வொரு தட்டையும் சூடுகாற்றில் காயவைத்துக்கொண்டிருக்க நேரமில்லாத நாளில் அது வேண்டாம். டைஎத்தில் ஈதர் 35 டிகிரிக்குள் கொதித்துவிடும். மே மாதத்தில் அதைத் தொட்டியில் ஊற்றுவதே வீண்.

தொட்டியைக் காலையில் நிரப்பி மாலைவரை வைத்திருப்பது எங்களிடமும் இருந்த பழக்கம். ஹெக்ஸேன் 69 டிகிரியில் கொதிக்கிறது, எத்தில் அசிடேட் 77ல். ஆகவே ஹெக்ஸேன்தான் முதலில் போகும், கலவை வலுக்கும், புள்ளிகள் உயரும் என்று நானும் பல வருஷம் நினைத்திருந்தேன். 9:1 கலவையில் நடப்பது தலைகீழ். இந்த இரண்டும் சேர்ந்தால், இரண்டையும்விடக் குறைந்த வெப்பத்தில், 65 டிகிரியை ஒட்டிக் கொதிக்கும் ஒரு கலவை உண்டு. அதில் எத்தில் அசிடேட் 9:1ல் இருப்பதைவிட மிக அதிகம். ஆகவே 9:1லிருந்து போகும் ஆவியில் எத்தில் அசிடேட்டின் பங்கு திரவத்தில் இருப்பதைவிடக் கூடுதல். மிஞ்சுவது மெல்ல மெல்ல வலுக் குறையும், பென்சைட்ரால் கோட்டை நோக்கி இறங்கும். இது சிறிய மாற்றம்தான், ஆனால் 0.2ல் நிற்கும் புள்ளிக்கு இறங்க அதிக இடமில்லை. ஒரு பக்கம் ஈரம் புள்ளியைத் தூக்குகிறது, மறுபக்கம் பழைய தொட்டி இறக்குகிறது. அதனால் எண்ணை நம்பாமல் மூலப்பொருளை எப்போதும் பக்கத்திலேயே வைத்து ஓட்டவேண்டும். தொட்டியை மதியம் ஒருமுறை மாற்றுவதும் நல்லது.

சரி, அன்றைய வினைக்குத் திரும்புவோம். 40 நிமிடத்தில் 9:1 தட்டில் பென்சோஃபீனோன் கறுப்பாக நின்றது. பாதி வினைகூட நடக்கவில்லை என்று அவள் கலங்கிவிட்டாள். நான் பதற்றப்படவில்லை. பென்சோஃபீனோனில் இரண்டு பென்சீன் வளையங்களும் கார்பனைல் வழியாக இணைந்திருப்பதால் 254 பக்கம் ஒளியை மிக வலுவாக உறிஞ்சும். பென்சைட்ராலில் அந்த இணைப்பு அறுந்துபோகிறது. சம அளவில் வைத்தால் அது பல பத்து மடங்கு மங்கலாகத்தான் தெரியும். ஆகவே விளக்கடியில் இரண்டும் ஒரே கறுப்பாக இருந்தால், அது பாதிப் பாதி அல்ல. மூலப்பொருள் சில விழுக்காடு மட்டுமே மிச்சம் என்று பொருள்.

இதைக் கண்ணால் உறுதிப்படுத்த ஓர் எளிய வழி உண்டு. ஆரம்பக் கலவையில் இருந்த அதே செறிவில் பென்சோஃபீனோன் கரைசல் செய்து, அதில் ஒரு பங்கை எடுத்து 20 மடங்கு நீர்த்தோம். அது 5 விழுக்காடு. இன்னொன்றை 100 மடங்கு நீர்த்தோம், அது 1 விழுக்காடு. வினைக்கலவையை அமிலம் விட்ட சிறு குப்பியில் எத்தனை மடங்கு நீர்த்திருக்கிறோமோ அதே மடங்கு இவற்றையும் நீர்த்து, ஒரே நுண்குழாயால் அதே அளவு தொட்டு, வினைக்கலவைக்குப் பக்கத்தில் 9:1ல் ஓட்டினோம். வினைக்கலவையின் பென்சோஃபீனோன் 5 விழுக்காட்டுப் புள்ளியைவிடச் சற்றுக் கறுப்பு. அவ்வளவுதான் மிச்சம். அதற்குப் பிறகு அதே தட்டை அயோடின் போட்ட ஜாடியில் வைத்தபோது, விளக்கடியில் மங்கலாக இருந்த பென்சைட்ரால் பெரிய பழுப்புப் புள்ளியாக எழுந்து வந்தது. அவள் முகம் தெளிந்தது.

பத்து நிமிடம் கழித்து எடுத்த தட்டிலும் அதே கறுப்பு, மாற்றமில்லை. வினை மெதுவாக நடக்கவில்லை, நின்றுவிட்டது. பனித் தொட்டியைப் பார்த்தேன். பனி உருகித் தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. மெத்தனால் போரோஹைட்ரைடைத் தின்று முடித்திருந்தது. புதுப் பனி போட்டு, 0.05 கிராம் போரோஹைட்ரைடு சேர்த்தோம். 15 நிமிடத்தில் மூலப்பொருள் புள்ளி 1 விழுக்காட்டு ஒப்புப்புள்ளியைவிட மங்கிவிட்டது. 4:1 தட்டை நம்பி அப்போதே அமிலம் ஊற்றியிருந்தால், 69 டிகிரி பக்கம் உருகவேண்டிய படிகம் பிசுபிசுப்பாக வந்து, ஏன் என்று தெரியாமல் இரண்டு நாள் படிகமாக்கிக்கொண்டிருந்திருப்போம்.

முடிந்ததாக நினைத்த பிறகு ஒரே ஒரு தட்டை டி.சி.எம்.மில் ஓட்டச் சொன்னேன். 9:1ல் மூலப்பொருள் இருக்கவேண்டிய இடம் காலியாக இருப்பது நல்ல செய்திதான். ஆனால் விளைபொருளின் ஒற்றைப் புள்ளிக்குள் வேறொன்று ஒளிந்திருக்குமானால் அதே குணமுள்ள கலவை அதைக் காட்டாது. வேறு குணமுள்ள கரைப்பான் காட்டும். கடைசியாக ஒரு 4:1 தட்டும் போட்டோம், இந்த முறை அடுப்பில் உலர்த்தியது. 9:1ல் கோட்டிலேயே தங்கிவிடும் கழிவு எதுவும் இருந்தால் 4:1தான் அதை மேலே தூக்கிக் காட்டும். மூன்று தட்டுகளும் ஒரே பதிலைச் சொன்னபோது மணி நாலரை.

இந்த வினைக்கு என் தேர்வைக் கேட்டால், பின்தொடர 9:1. நிரல் ஓட்ட நேர்ந்தாலும் அதுவே. டி.சி.எம். சாட்சியாக, கடைசியில் ஒரு முறை. 4:1 கோட்டில் தங்குவதைப் பார்க்க மட்டும். ஆனால் உங்கள் மூலப்பொருள் ஆல்கஹாலாகவோ அமிலமாகவோ இருந்தால் 9:1ல் அது கோட்டுக்குக் கிட்டத்திலேயே நின்றுவிடும். அப்போது 4:1லோ 1:1லோ தொடங்கி, மூலப்பொருள் தட்டின் நடுவுக்கு வரும்வரை விகிதத்தை மாற்றுங்கள். அமிலத்துக்கு ஒரு சொட்டு அசிட்டிக் அமிலமும் வேண்டியிருக்கும், இல்லாவிட்டால் வால் நீளும். அமீனுக்கு அதே காரணத்துக்காக ஒரு சொட்டு ட்ரைஎத்தில் அமீன்.

அந்த மூன்று பழைய தட்டுகளையும் அவள் தன் நோட்டுப் புத்தகத்தில் செல்லோடேப் போட்டு ஒட்டி, பக்கத்தில் நேரத்தையும் அறை வெப்பத்தையும் பென்சிலால் எழுதிவைத்தாள். பழக்கமாக இப்போது தட்டு எடுப்பதற்கு முன்னால் முதலில் போய்ப் பார்ப்பது பனித் தொட்டியைத்தான்.